ஒவ்வொரு பில்லுக்கும் ஐஆர்என், கியூஆர் கோடு

கேள்வி: எங்கள் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிவிட்டது. இனி ஒவ்வொரு பில்லுக்கும் ஐஆர்என் என்ற பில் பதிவு எண்ணும் கியூஆர் கோடும் எங்கே, எப்படி வாங்குவது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். நானும் முதலில் நம்பர்களை மொத்தமாக முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டுமோ என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. பில் போட்ட பிறகுதான் ஐஆர்என் வரும்.

einvoice1.gst.gov.in தளத்தில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். பில்லை வழக்கம்போல உங்கள் மென்பொருளில் போடுங்கள். அது பில் விவரத்தை JSON கோப்பாக அந்தத் தளத்துக்கு அனுப்பும். மென்பொருளில் அந்த வசதி இல்லையென்றால், தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எக்செல் கருவியில் நிரப்பி, அதில் வரும் கோப்பை நீங்களே ஏற்றலாம். சரிபார்த்ததும் 64 எழுத்து கொண்ட ஐஆர்என்னும் கையொப்பமிட்ட கியூஆர் தகவலும் திரும்பி வரும். ஜிஎஸ்டி எண் இல்லாமல் சில்லறையில் வாங்குபவருக்கு இதெல்லாம் தேவையில்லை.

நான் மாட்டியது இதற்கு அப்புறம். ஹூப்ளிக்கு 200 மூட்டை அனுப்ப வேண்டும். SG/214 பில்லில் 220 என்று அடித்துவிட்டேன். ஐஆர்என் வந்து, சரக்கு லாரியில் போவதற்கான இ-வே பில்லும் போட்டாயிற்று. லாரி டிரைவர் வாசலில் நிற்கிறார். ஐஆர்என் வந்த பில்லை அந்தத் தளத்தில் திருத்த முடியாது, ரத்துதான் செய்யலாம். அதுவும் 24 மணி நேரத்துக்குள். இ-வே பில் உயிரோடு இருந்தால் அதுவும் நடக்காது. ஆகவே முதலில் இ-வே பில்லை ரத்து செய்தேன், பிறகு ஐஆர்என்னை. மூட்டையைத் திருத்தி அதே SG/214-ஐ அனுப்பினால் தளம் ஏற்கவில்லை.

காரணம் எளிது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் நம்பர் இந்த நான்கையும் வைத்துத்தான் ஐஆர்என் உருவாகிறது. மூட்டையோ தொகையோ அதில் சேராது. அதனால் அதே நம்பருக்கு மறுபடியும் அதே ஐஆர்என்தான் வரும், அதுவோ ரத்தாகிவிட்டது. SG/215 என்று போட்டேன், உடனே வந்தது. டிரைவர் அதற்குள் மூன்றாவது டீயில் இருந்தார்.

கியூஆரிலும் ஒரு சங்கதி. ஐஆர்என்னை மட்டும் எடுத்து நீங்களாக ஒரு கியூஆர் செய்து ஒட்டினால் செல்லாது. தளம் தரும் கையொப்பமிட்ட தகவலையே அச்சிட வேண்டும். அது நீளமானது, கட்டங்கள் மிக நெருக்கமாக வரும். எங்கள் பழைய டாட் மேட்ரிக்ஸில் கார்பன் வைத்து அடித்த பிரதி ஸ்கேன் ஆகவே இல்லை என்று வாங்கியவர் போன் செய்தார். இப்போது லேசரில் அடித்து, அரசின் சரிபார்ப்புச் செயலியில் நானே ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

24 மணி நேரம் கடந்துவிட்டால் ரத்தை மறந்துவிட்டு, கூடுதலாகப் போன தொகைக்கு கிரெடிட் நோட் போடுங்கள். அதற்கும் தனி ஐஆர்என் வாங்க வேண்டும்.