பழைய போனை வாசலில் கொடுத்து அனுப்பும் முன்

"நாலு வருஷப் பழைய ஆண்ட்ராய்டு போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு ஆர்டர் செய்திருக்கிறேன். சனிக்கிழமை டெலிவரி. புதுசைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். கூகுள் ஆதென்டிகேட்டரில் 14 கணக்கு இருக்கிறது. 2 பேங்க் ஆப், ஒரு யூபிஐ ஆப் வேறு. 'கேபிள் போட்டா எல்லாம் தானா வந்துடும்ப்பா' என்கிறான் மகன். நம்பலாமா?"

படங்கள், காண்டாக்ட், பாட்டு எல்லாம் கேபிளில் வந்துவிடும். பேங்க் ஆப்பின் ஐகானும் வரும். ஆனால் திறந்தால் அது உங்களை முன்பின் தெரியாதவர் போலத்தான் நடத்தும். உங்களை அடையாளம் காட்டும் சாவியைப் பழைய போனின் பூட்டிய பகுதிக்குள் வைத்து, வெளியே நகல் போகாதபடி பேங்க் ஆப்பை அமைத்திருக்கிறார்கள். அதனால் அதைப் புதிய போனில் மறுபடி பதிவுதான் செய்ய வேண்டும். கணக்குகளுக்குள் நுழைய 6 இலக்க எண் தரும் ஆதென்டிகேட்டர் அப்படியில்லை, அதன் சாவிகளை நகல் எடுக்கலாம். ஆனால் பழைய போன் கையில் இருக்கும்போதுதான் எடுக்க முடியும். உங்கள் விஷயத்தில் சிக்கலே இங்குதான். வாசலில் மாற்றிக்கொள்ளும்போது இரண்டு போனும் ஒன்றாக உங்களிடம் இருக்கப்போவது சில நிமிஷம்தான்.

எக்ஸ்சேஞ்சை ரத்து செய்துவிட்டுப் பழைய போனை ஒரு வாரம் வைத்திருக்க முடிந்தால் அதையே செய்யுங்கள். கிடைக்கும் தள்ளுபடியை விட அந்த ஒரு வாரம் பெரிது. முடியாதென்றால், வீட்டில் இருக்கும் இன்னொரு போனை இடையில் பாலமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் மனைவியின் போன் என்றே வைத்துக்கொள்வோம்.

வியாழக்கிழமையே ஆரம்பியுங்கள். மனைவி போனில் கூகுள் ஆதென்டிகேட்டரை இறக்கி, முதலில் கேட்கும் இடத்தில் Use Authenticator without an account என்பதைத் தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சாவிகள் அவருடைய கூகுள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு உங்கள் பழைய போனில் மெனுவைத் திறந்து Transfer accounts, அதில் Export accounts என்று போனால் ஒரு க்யூஆர் கட்டம் வரும். அதை மனைவி போனால் ஸ்கேன் செய்யுங்கள். கணக்குகள் அதிகம் என்றால் ஒன்றுக்கு மேல் கட்டம் வரும். முதல் கட்டத்தோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுபவர்கள் நிறையப் பேர். அடுத்த கட்டத்தையும் ஸ்கேன் செய்துவிட்டு, மனைவி போனில் 14 வரிசையும் இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். அந்தக் கட்டத்தை இன்னொரு போனால் படம் எடுத்து வைக்காதீர்கள். உங்கள் சாவிகள் அந்தப் படத்துக்குள் இருக்கின்றன, காலாவதி ஆகும் ஓடிபி போல அவை பழசாவதில்லை.

இப்போது இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே கணக்குக்கு இரண்டிலும் ஒரே 6 இலக்கம் தெரிய வேண்டும், 30 விநாடிக்கு ஒருமுறை சேர்ந்தே மாற வேண்டும். சாவியும் நேரமும் சேர்ந்துதான் அந்த எண் பிறக்கிறது, இதில் இண்டர்நெட்டுக்கோ சிம்முக்கோ வேலையில்லை. எண் ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு போனின் கடிகாரம் தப்பாக இருக்கும். தேதி, நேரத்தைத் தானியங்கியில் போட்டால் சரியாகிவிடும். ஒத்துப்போனாலும் முக்கியமான ஓரிரு கணக்கில், மனைவி போனில் வரும் எண்ணை வைத்தே கம்ப்யூட்டரில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். சனிக்கிழமை புதுப் போன் வந்ததும், மனைவி போனிலிருந்து இதே முறையில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஆதென்டிகேட்டர் கூகுள் கணக்கோடு இணைந்திருந்தால் (2023 முதல் இந்த வசதி இருக்கிறது) புதுப் போனில் கணக்கைத் திறந்தாலே எண்கள் வந்துவிடுமே என்று கேட்கலாம். வரும். ஆனால் அந்தக் கூகுள் கணக்கைத் திறக்கவே "உங்கள் பழைய போனில் ஆம் என்று அழுத்துங்கள்" என்றோ, ஆதென்டிகேட்டர் எண்ணைக் கேட்டோ நிற்கலாம். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இதற்கு மருந்து கூகுளின் Backup codes. கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், இரண்டு கட்டச் சரிபார்ப்புக்குள் இருக்கும். 8 இலக்கத்தில் 10 எண்கள், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

அடுத்தது சிம். பேங்க் ஆப்பும் யூபிஐ ஆப்பும் பதிவாகும்போது, அந்தப் போனிலிருந்தே வங்கிக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். வங்கியில் பதிவான எண் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. எனவே சிம் புதுப் போனில் இருக்க வேண்டும். எஸ்எம்எஸ் போகிற அளவுக்கு பேலன்ஸ் வேண்டும். இரண்டு சிம் போட்டிருந்தால் சரியான சிம்மைத் தேர்வு செய்ய வேண்டும். "சரிபார்க்க முடியவில்லை" என்று திரும்பத் திரும்ப வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். புதுப் போன் வரும் நாளிலேயே சிம்மை இசிம்மாக மாற்றாதீர்கள், டூப்ளிகேட் சிம்மும் வாங்காதீர்கள். சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகவும் வரவும் தடை உண்டு. திருட்டு சிம்மால் பணம் போகாமல் காக்கத்தான் அந்த விதி. என் மச்சான் ஒருவர் போனையும் சிம்மையும் ஒரே மாலையில் மாற்றினார். மறுநாள் மகளின் காலேஜ் ஃபீஸுக்குக் கடைசி நாள். போன் புதுசு, சிம் புதுசு, ஒரு ஓடிபியும் வரவில்லை. அக்கா தன் கணக்கிலிருந்து கட்டினார். சிம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய போனிலேயே மாற்றி, 2 நாள் கழித்துப் போனை மாற்றுங்கள்.

சிம் அப்படியே இருந்தாலும், புதுப் போனில் யூபிஐ பதிவு செய்த முதல் 24 மணி நேரத்துக்குப் பல வங்கிகள் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடுவதில்லை. ஐபோனுக்கு மாறினால் இந்தக் காலம் இன்னும் நீளலாம். வாடகை, சீட்டுப் பணம் ஏதாவது சனி, ஞாயிறில் கட்ட வேண்டியிருந்தால் வெள்ளிக்கிழமையே கட்டிவிடுங்கள். யூபிஐ பின்னை மாற்ற வேண்டாம். அது போனுடையது அல்ல, வங்கிக் கணக்குடையது. பழைய பின்னே புதுப் போனிலும் செல்லும்.

யூபிஐ லைட் வைத்திருக்கிறீர்களா? சின்னச் செலவுக்கென்று அதில் போட்டு வைத்த தொகை மட்டும் பழைய போனோடு கட்டுண்டு கிடக்கும். வெள்ளி இரவே அதை மூடி, பணத்தை வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள்.

சனிக்கிழமை டெலிவரி ஆள் வரும் முன், பழைய போனின் ஆதென்டிகேட்டரில் கணக்குகளை ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். கூகுள் கணக்கோடு இணைந்திருந்தால் இங்கே அழிப்பது அங்கேயும் அழியும். மனைவி போனில் 14ம் சரியாக இருப்பதை இன்னொரு முறை பார்த்துவிட்டு, சிம்மை எடுத்து, செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கி, பிறகு ஃபாக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் போன் உங்கள் கூகுள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கலாம், அப்படி நின்றால் அவரும் வாங்கமாட்டார்.

புதுப் போனில் பேங்க் ஆப் பதிவாகவே மறுத்தால், கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடாதீர்கள். டெபிட் கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு மனைவி போனிலிருந்து அழையுங்கள். ஞாயிறு மாலைக்குள் மூன்று ஆப்பும் திறந்து, 14 எண்களும் புதுப் போனில் ஓடிக்கொண்டிருந்தால், மனைவி போனில் இருக்கும் ஆதென்டிகேட்டரைக் காலி செய்துவிடலாம்.