நீட் கையேடு: மைனஸ் மார்க்கும் கவுன்சிலிங்கும்

"நீட் தகவல் கையேட்டில் தகுதி, பாடத்திட்டம், மைனஸ் மார்க், கவுன்சிலிங் சுற்று எதுவும் புரியவில்லை. விளக்குவீர்களா?"

தகுதி எளிதுதான்: சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைய வேண்டும். பாடத்திட்டத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் பட்டியலை மட்டும் நம்புங்கள்.

சரியான விடைக்கு 4 மார்க், தவறானால் 1 கழியும், விட்டுவிட்டால் பூஜ்யம். நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக ஒன்றுதான் சரியாகும். 4-இல் 3 போய் 1 மிஞ்சும், அதுவும் நிச்சயமில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு தவறான விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால், பாதி சரியாகி 6 கிடைக்கும். அப்போது துணிந்து குறியுங்கள்.

அப்புறம் கவுன்சிலிங். அகில இந்திய ஒதுக்கீட்டின் முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் இழப்பில்லை. இரண்டாம் சுற்றில் அப்படிச் செய்தால் டெபாசிட் போய்விடும். அதனால் போக விரும்பாத கல்லூரியை விருப்பப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.