34 × 26-ல் அந்த 260 எங்கே போனது?

கேள்வி: "நாலாம் கிளாஸ் படிக்கிற மகள் 34 × 26 கணக்குக்கு 30 × 20 = 600, 4 × 6 = 24, மொத்தம் 624 என்று எழுதுகிறாள். பிரித்துத்தானே பெருக்கினேன், இதில் என்ன தப்பு என்று கேட்கிறாள். எப்படிப் புரியவைப்பது?"

பிரித்ததில் தப்பில்லை. பிரித்தபோது நான்கு துண்டுகள் வந்தன, அவள் இரண்டைத்தான் எண்ணியிருக்கிறாள். சரியான விடை 884. விட்டுப்போன 260-ஐ அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

நம்ம ஊர்ப் பிள்ளைக்கு வாழை விளை பழக்கமாக இருக்கும், அதிலிருந்தே தொடங்குங்கள். ஒரு விளையில் 26 வரிசை, வரிசைக்கு 34 மூடு ஏத்தன் வாழை நிற்கிறது. எண்ண வசதியாக, ஒவ்வொரு வரிசையிலும் 30 மூடு தாண்டியதும் நெடுக்கே ஒரு கயிறு, 20 வரிசை தாண்டியதும் குறுக்கே ஒரு கயிறு கட்டுகிறோம். விளை நான்கு துண்டாகிவிட்டது. உங்கள் மகள் பெரிய துண்டையும் எதிர்மூலையில் இருக்கும் சின்னத் துண்டையும் எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வலப்பக்க ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் நிற்கும் வாழைகளை யாரும் எண்ணவில்லை.

இனி ஒரு கிராஃப் தாள் எடுங்கள். மில்லிமீட்டர் கட்டம் போட்டு, பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும் தாள் வேண்டும். இரண்டு தடித்த கோடுகள் வெட்டும் புள்ளியிலிருந்து தொடங்கி, வலப்பக்கம் 34 சின்னக் கட்டம், கீழே 26 சின்னக் கட்டம் வருமாறு ஒரு செவ்வகம் வரையச் சொல்லுங்கள். தொடங்கும் இடம் முக்கியம். நடுவில் எங்காவது தொடங்கினால் தடித்த கோடுகள் வேறு இடத்தில் விழும், பத்துகளும் ஒன்றுகளும் தனியாகத் தெரியாது.

உள்ளே முழுதாக அடங்கும் பெரிய சதுரங்களை முதலில் எண்ணட்டும். வரிசைக்கு 3, இரண்டு வரிசை, ஆக 6. ஒவ்வொன்றிலும் 100 சின்னக் கட்டம் இருப்பதால் 600. 3 × 2 = 6 என்று சொல்லிவிட்டு இரண்டு பூஜ்யம் சேர்க்கிறோமே, அது இந்தச் சதுரங்களிலிருந்துதான் வருகிறது. பிறகு வலப்பக்கப் பட்டை: அகலம் 4, உயரம் 20, அதாவது 80. கீழ்ப் பட்டை: நீளம் 30, உயரம் 6, அதாவது 180. மூலையில் 4 × 6 = 24. ஒவ்வொரு துண்டுக்கும் வேறு நிறம் தீட்டச் சொல்லுங்கள். அவள் ஏற்கெனவே எழுதிய 600-க்கும் 24-க்கும் முதலில் நிறம் கொடுத்தால், வெள்ளையாக மிஞ்சும் இரண்டு பட்டைகளே அவள் கேள்விக்குப் பதில். 180 + 80 = 260.

சமமான நான்கு பெட்டி வரைந்து எண்களை நிரப்பும் வழியை முதல் நாளே காட்ட வேண்டாம் என்பேன். அதில் 600-ம் 24-ம் ஒரே அளவாகத் தெரியும். பரப்பு என்ற எண்ணமே மறைந்து, நிரப்பும் பயிற்சியாக மட்டும் நின்றுவிடும். கிராஃப் தாளில் நாலைந்து கணக்கு செய்த பிறகு, கையால் தோராயமாக வரைந்த செவ்வகத்துக்கு மாறலாம். அப்போதும் 30-இன் பக்கம் 4-இன் பக்கத்தைவிட நன்றாக நீளமாக இருக்கட்டும்.

பிறகு அதே படத்தை, பள்ளியில் செய்யும் பெருக்கலோடு சேர்த்துக் காட்டுங்கள்:

```
   34
 × 26
 ----
  204
  680
 ----
  884
```

204 என்பது கீழே உள்ள 6 வரிசை முழுவதும், அதாவது 180 + 24. 680 என்பது மேலே உள்ள 20 வரிசை முழுவதும், 600 + 80. இரண்டாம் வரியில் கடைசி இடத்தில் பூஜ்யம் ஏன் என்று அவள் கேட்டால், அங்கே பெருக்குவது 2-ஆல் அல்ல, 20-ஆல் என்று படத்தின் மேல்பகுதியைக் காட்டினால் போதும்.

அடுத்து வரக்கூடிய பிழையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு துண்டையும் எழுதுவாள், ஆனால் 30 × 6-ஐ 18 என்று எழுதிவிடுவாள். அப்போது விடை 722 வரும். 4 × 20-ஐ 8 என்று எழுதினால் 812 வரும். ஆகவே இந்தக் கணக்கில் 260 குறைந்தால் பட்டைகள் விடுபட்டன, 162 அல்லது 72 குறைந்தால் ஒரு பட்டையில் பூஜ்யம் விடுபட்டது. பூஜ்யம் விட்ட பிள்ளையிடம் மறுபடி நான்கு துண்டை விளக்க வேண்டாம். கீழ்ப் பட்டையை மட்டும் காட்டி, அதில் பத்துக் கட்டத்துக்கு 60 வீதம் மூன்று முறை எண்ணச் சொல்லுங்கள்.

விடையைப் பார்த்ததும் சந்தேகப்படவும் பழக்கலாம். வரிசைக்கு 30 மூடு மட்டும் என்று வைத்தாலே 26 வரிசைக்கு 780 வந்துவிடுகிறது. 34 மூடு நிற்கிற விளையில் 624 எப்படி இருக்க முடியும் என்று அவளிடமே கேளுங்கள்.