ஆறாயிரம் பேர் பார்த்ததில் சாயப்பட்டறைக்காரர் எத்தனை பேர்?

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் சுத்திகரிப்புக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. மூன்று மாதமாக லிங்க்ட்இனில் வாரம் இரண்டு பதிவு போடுகிறேன். ஆயுத பூஜை போட்டோவை ஆறாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய பதிவுக்கு எண்ணூறு பேர்தான். எனக்கு வேண்டியவர்கள் பட்டறை முதலாளிகளும் புரொடக்‌ஷன் மேனேஜர்களும். எந்தத் தலைப்பு அவர்களை இழுக்கிறது என்று இந்த எண்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? ஸ்கிரீன்ஷாட்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முடியும். ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அதற்கான எண் அல்ல. பதிவுக்குக் கீழே முதலில் தெரிகிற Impressions, பதிவு எத்தனை தடவை திரையில் வந்தது என்ற கணக்கு. ஒரே ஆள் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை தாண்டிப் போனால் அது இரண்டாக ஏறும். அதைத் தட்டி உள்ளே போனால் Members reached என்று இன்னொன்று இருக்கும். அதுதான் தலைக்கணக்கு. இன்னும் கீழே இறங்கினால், பார்த்தவர்கள் என்ன பதவி, எந்த ஊர், எந்தத் தொழில்துறை, எந்த நிறுவனம் என்று சதவீதத்தில் பிரித்துக் காட்டியிருப்பார்கள். அங்கே பெரும்பாலானவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். தலைக்கணக்கை அந்தச் சதவீதத்தால் பெருக்குவதுதான் வேலையே.

உங்கள் படங்களிலிருந்தே பார்ப்போம். ஆயுத பூஜைப் பதிவின் தலைக்கணக்கு 6,200. அதில் Industry என்ற பிரிவில் டெக்ஸ்டைல் உற்பத்தி 4 சதவீதம். பெருக்கினால் 248 பேர். எவாப்பரேட்டரில் உப்புப் படிந்தால் பாய்லருக்கு எவ்வளவு விறகு கூடுதலாகப் போகும் என்று எழுதினீர்களே, அதன் தலைக்கணக்கு 840. ஆனால் டெக்ஸ்டைல் 31 சதவீதம். பெருக்கினால் 260 பேர். ஆறாயிரமும் எண்ணூறும் உங்களுக்கு வேண்டிய ஆட்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றுதான். போட்டோவில் மீதி ஐயாயிரத்துச் சொச்சம் பேர் கல்லூரி முடித்த பிள்ளைகளும், ஹெச்.ஆர். ஆட்களும், உங்கள் பழைய வகுப்புத் தோழர்களின் தோழர்களும். அவர்கள் வந்ததில் தப்பில்லை. உங்களுக்கு அவர்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

சரி, 31 சதவீதம் என்பது நிறையவா, கம்மியா? அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். உங்களைப் பின்தொடர்பவர்களின் பட்டியலுக்கும் இதே மாதிரி பிரிவுகள் உண்டு. உங்கள் படத்தில் அங்கே டெக்ஸ்டைல் 9 சதவீதம். ஆக, ஒரு பதிவைப் பார்த்தவர்களில் 9 சதவீதம் டெக்ஸ்டைல் என்றால், அந்தத் தலைப்பு புதிதாக எதையும் இழுக்கவில்லை, இருக்கிற கூட்டத்தையே திருப்பிக் காட்டுகிறது. 31 என்றால் இழுத்திருக்கிறது. 4 என்றால் பதிவு உங்கள் வட்டத்தைத் தாண்டி வேறு எங்கோ வழிந்து ஓடியிருக்கிறது. இந்த ஒன்பதை ஒரு தாளில் எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை மாற்றினால் போதும்.

இனி நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு பதிவுக்கு வருகிறேன். ஆர்.ஓ. மெம்பரேனை எந்த ரசாயனத்தில், எந்த வரிசையில் கழுவ வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல பதிவு. தலைக்கணக்கு 1,900, கமெண்டுகளும் அறிவார்ந்தவை. ‘என் சிறந்த பதிவு’ என்று நீங்களே குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். டெக்ஸ்டைல் அதில் 6 சதவீதம்தான், அதாவது 114 பேர். பதவி வரிசையில் மேலே நிற்பவர்கள் சுற்றுச்சூழல் பொறியாளர், பிராசஸ் இன்ஜினியர். நிறுவன வரிசையில் முதல் மூன்றும் சுத்திகரிப்பு நிலையம் கட்டித்தரும் கம்பெனிகள். புரிகிறதா? உங்கள் சக தொழில்காரர்கள் வந்து கைதட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். துறை தெரிந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் விழும் குழி இது. நன்றாக எழுத எழுத, அதே வேலை செய்கிறவர்கள்தான் அதிகம் சேர்வார்கள். வாங்குகிறவருக்கு மெம்பரேனைக் கழுவும் வரிசை வேண்டாம்; அதைக் கழுவத்தான் உங்களுக்குக் காசு கொடுக்கப்போகிறார்.

விறகுப் பதிவும் மெம்பரேன் பதிவும் ஒரே ஆலைக்குள் நடக்கும் விஷயங்கள்தான். ஒன்று முதலாளியின் மாதச் செலவிலிருந்து தொடங்குகிறது, மற்றது உங்கள் வேலையிலிருந்து தொடங்குகிறது. அதனால் தலைப்புகளை வகைப்படுத்தும்போது ‘ஆர்.ஓ.’, ‘எவாப்பரேட்டர்’ என்று இயந்திரத்தின் பெயரில் பிரிக்காதீர்கள். செலவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி, வேலை நின்றுபோதல், செய்முறை, ஊழியர்களும் விழாவும் என்று, யாருடைய தலைவலி என்பதை வைத்துப் பிரியுங்கள். உங்கள் 24 பதிவுகளும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். நான் பிரித்துப் பார்த்தேன்.

செலவு வகையில் நான்கு பதிவுகள் இருந்தன. டெக்ஸ்டைல் சதவீதம் முறையே 31, 27, 8, 24. அந்த எட்டைப் பார்த்ததும் தலைப்பு பலவீனம் என்று தோன்றும். அந்தப் பதிவைத் திறந்து கமெண்டுகளைப் படித்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் வந்த பத்துப் பன்னிரண்டு கமெண்டுகளும் ‘வாழ்த்துகள் சீனியர்’ வகை. நீங்கள் படித்த கல்லூரியை டேக் செய்திருந்தீர்கள். ஒருவர் கமெண்ட் போட்டால் பதிவு அவருடைய வட்டத்துக்கும் போகும். மாணவர் போட்டால் மாணவர் வட்டத்துக்கு. தலைக்கணக்கு 3,300 ஆக ஊதியது அதனால்தான். பெருக்கிப் பாருங்கள்: 264 பேர். அந்த வகையின் மற்ற மூன்று பதிவுகளிலும் 246க்கும் 276க்கும் நடுவில்தான் நிற்கிறது. சதவீதம் சரிந்தாலும் வேண்டிய ஆட்கள் குறையவில்லை. சதவீதத்தை மட்டும் பார்த்திருந்தால் ஒரு நல்ல தலைப்பைத் தூக்கி எறிந்திருப்பீர்கள். தலைக்கணக்கை மட்டும் பார்த்தால் ஆயுத பூஜை ஜெயித்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அப்படியானால் 248 பேரைக் கொண்டுவந்த ஆயுத பூஜையும் விறகும் சமம்தானே என்று கேட்பீர்கள். அங்கேதான் அடுத்த எண்: பதிவைப் பார்த்துவிட்டு உங்கள் புரொஃபைலுக்குள் வந்தவர்கள். அதே பக்கத்தில் இருக்கும். போட்டோவிலிருந்து 19 பேர், விறகுப் பதிவிலிருந்து 22 பேர். 6,200க்கு 19, 840க்கு 22. சேமித்து வைத்தவர்களும் அப்படித்தான், 3 பேர், 27 பேர். யார் சேமித்தார்கள் என்று காட்ட மாட்டார்கள். புரொஃபைலுக்கு வந்தவர்களில் சிலரையாவது பெயருடன் பார்க்கலாம். இலவசக் கணக்கில் அண்மையில் வந்த ஒரு சிலர்தான் தெரிவார்கள் என்பதால், பதிவு போட்ட மூன்று நாளும் ராத்திரி ஒரு தடவை திறந்து, சாயப்பட்டறை, நிட்டிங், ஏற்றுமதி நிறுவன ஆட்கள் எத்தனை பேர் என்று கைக்கணக்காக எழுதிவிடுங்கள்.

இந்தச் சதவீதங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழில்துறை, பதவி எல்லாம் அவரவர் தன் புரொஃபைலில் போட்டுக்கொண்டதுதான். பட்டறை முதலாளி ஒருவர் புரொப்ரைட்டர் என்று போடுவார், இன்னொருவர் மேனேஜிங் பார்ட்னர், அவருடைய மகன் டைரக்டர். மூன்றும் மூன்று வரியாக உடைந்து, ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்துக்குக் கீழே போய்ப் பட்டியலிலேயே தெரியாமல் போகலாம். அதனால்தான் பதவியை விட்டுவிட்டுத் தொழில்துறையைப் பிடிக்கச் சொல்கிறேன். அதிலும் ஆடை உற்பத்தி என்று தனி வரி தெரிந்தால் அதையும் டெக்ஸ்டைலோடு கூட்டிக்கொள்ளுங்கள், எல்லாப் பதிவுக்கும் ஒரே மாதிரி.

இன்னொரு தப்பைப் பல பேர் செய்கிறார்கள். டெக்ஸ்டைல் 31 சதவீதம், முதலாளி நிலையில் இருப்பவர்கள் 10 சதவீதம் என்றால், டெக்ஸ்டைல் முதலாளிகள் 3 சதவீதம் என்று பெருக்கிவிடுகிறார்கள். அந்த 10 சதவீதமும் ஐ.டி. கம்பெனி நடத்துகிறவர்களாக இருக்கலாம். இரண்டு பிரிவுகளையும் குறுக்கே சேர்த்துப் பார்க்க லிங்க்ட்இன் இடம் தருவதில்லை. அந்தச் சந்தேகம் வந்தால் நிறுவனப் பெயர்களைப் படியுங்கள். திருப்பூர் ஆள் நீங்கள். எது பட்டறை, எது கல்லூரி, எது டிரேடிங் ஆபீஸ் என்று பெயரைப் பார்த்தாலே தெரியும். உங்கள் சொந்த நிறுவனத்தின் பெயர் முதல் வரியில் நின்றால் அதைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். உங்கள் ஊழியர்கள் விசுவாசமாகப் பார்த்திருக்கிறார்கள்.

எண்களை எடுப்பது பத்தாவது நாள். முதல் நாள் வருவது பெரும்பாலும் தெரிந்தவர்கள். எல்லாப் பதிவுக்கும் அதே பத்தாவது நாள் என்று வைத்துக்கொண்டால்தான் ஒப்பிட முடியும். ஒரு ஷீட்டில் ஏழு பத்தி போதும்: A தேதி, B வகை, C தலைக்கணக்கு, D டெக்ஸ்டைல் சதவீதம், E வேண்டிய ஆட்கள், F புரொஃபைலுக்கு வந்தவர்கள், G முதல் மூன்று நிறுவனங்கள். E-யில் இது:

```
=ROUND(C2*D2/100,0)
```

ஒரு வகையில் நான்கு பதிவாவது சேராமல் தீர்ப்பு எழுத வேண்டாம். உங்கள் ‘வாரிய அனுமதி’ வகையில் இரண்டே பதிவுகள், ஒன்றில் 22 சதவீதம், ஒன்றில் 5. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இன்னும் இரண்டு எழுதிப் பாருங்கள். கல்லூரியை டேக் செய்யாமல்.

ஒன்றைக் கேட்டால் உங்களுக்குச் சங்கடமாகக்கூட இருக்கும். பெரிய பட்டறை முதலாளிகளில் பல பேர் லிங்க்ட்இன் பக்கமே வருவதில்லை, அவர்கள் உலகம் வாட்ஸ்அப். இந்த எண்கள் வந்தவர்களைப் பற்றி மட்டும்தான் பேசும். உங்கள் பட்டியலில் வந்திருப்பவர்கள் பெரும்பாலும் மேனேஜர்களும், படித்துவிட்டு வந்து தொழிலைப் பார்க்கும் மகன், மகள்களும். விறகுக் கணக்கை அப்பாவிடம் காட்டப்போவது அவர்கள்தான். அதனால் அடுத்த செலவுப் பதிவில், ஒரு கிலோலிட்டர் ரிஜெக்ட் நீரை ஆவியாக்க எவ்வளவு ஆகிறது என்ற கணக்கை ஒரே படமாகப் போடுங்கள், அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிற மாதிரி. பார்த்தவர்கள் அதே 250, 260 பேராக இருந்து, சேமித்தவர்களும் புரொஃபைலுக்கு வந்த டெக்ஸ்டைல் ஆட்களும் கூடினார்களா என்று மட்டும் பத்தாவது நாள் பாருங்கள். மெம்பரேன் பதிவையும் அழிக்க வேண்டாம். ‘மெம்பரேனை வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறீர்களா?’ என்று முதலாளியைப் பார்த்துக் கேட்கிற முதல் வரியோடு அதைத் திருப்பி எழுதிப் போட்டு, 6 சதவீதம் என்னவாகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.