வீட்டுப் பார்லரைக் கடைக்கு மாற்றலாமா?

கேள்வி: கொடுங்கையூரில் வீட்டு முன்னறையில் நான்கு வருடமாக பியூட்டி பார்லர் நடத்துகிறேன். மாதம் 90 பேர் வரை காசு கொடுத்து வருகிறார்கள். சராசரியாக ஆளுக்கு 300 ரூபாய். மணப்பெண் மேக்கப் தனி. சனி, ஞாயிறுகளில் இடமில்லாமல் மாதம் பதினைந்து பேரையாவது திருப்பி அனுப்புகிறேன். நாத்தனார் வீட்டாரும் அவர்கள் தோழிகளும் அந்த நாட்களில்தான் வருகிறார்கள், மாதம் பன்னிரண்டு முறை இருக்கும். அவர்களிடம் காசு கேட்க முடியாது. மூலக்கடை மெயின் ரோட்டில் வாடகை 14,000, அட்வான்ஸ் 1,40,000 என்று ஒரு கடை வந்திருக்கிறது. நகையை அடகு வைத்து 2 லட்சம் வாங்கி எடுக்கலாமா? ஹைட்ரா ஃபேஷியல் மெஷினையும் தவணையில் எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: நகையைத் தொடாதீர்கள், சகோதரி. நீங்கள் திருப்பி அனுப்புவது பதினைந்து பேரை. காசில்லாமல் உட்கார வைப்பது பன்னிரண்டு பேரை. இரண்டும் நடப்பது அதே சனி, ஞாயிறுகளில். உங்களுக்கு இப்போது குறைவது அறை அல்ல, வார இறுதி நேரம். அந்த நேரத்தை உறவினர்களுக்கு விட்டுக்கொடுக்கும் வழக்கம் மாறாதவரை, மெயின் ரோட்டுக்குப் போனாலும் அவர்கள் அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். அப்போது அந்த நாற்காலிக்கு வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும்.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். 300 ரூபாயில் கிரீம், வேக்ஸ் முதலான பொருட்களுக்கு 90 போனால் 210 நிற்கும். கடை வாடகை 14,000. வணிக இணைப்பில் 100 யூனிட் இலவசம் கிடையாது என்பதால் ஏ.சி.யோடு கரண்ட் பில் 2,500. கடையைத் திறந்து வைத்திருக்க ஒரு பெண்ணுக்குச் சம்பளம் 9,000. நகைக் கடன் வட்டி சுமார் 1,600. மொத்தம் 27,000 சொச்சம். இதை 210 ஆல் வகுத்தால் 130 பேர் வருகிறது. அதாவது கடையின் செலவை அடைக்க மட்டுமே மாதம் 130 பேர் வேண்டும். இன்று உங்கள் கையில் நிற்கும் 19,000 ரூபாய் குறையாமலிருக்க இன்னும் 90 பேர் வேண்டும். இன்றைய 90 எங்கே, 220 எங்கே?

மணப்பெண் மேக்கப் வருமானத்தை இதில் சேர்க்காதீர்கள். அந்த வேலையை நீங்கள் மண்டபத்தில் போய்ச் செய்கிறீர்கள். அதற்குக் கடை தேவையில்லை, ஆடியிலும் மார்கழியிலும் அது வராது, வாடகையோ அந்த மாதங்களிலும் வரும். இன்னொன்று: பக்கத்துத் தெருவிலிருந்து இரவு எட்டு மணிக்கு நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு புருவம் திருத்த வரும் பெண்கள், அதே கோலத்தில் மெயின் ரோட்டுக் கடைக்கு வர மாட்டார்கள். இப்போதைய 90 பேரில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கடைக்கு மாறினால் முதலில் இழக்கப்போவது அவர்களைத்தான்.

மெஷின் விஷயத்தில் பொறுமையாகச் சொல்வது எனக்குக் கடினமாக இருக்கிறது. 300 ரூபாய் வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு, ஆயிரங்களில் விலை சொல்ல வேண்டிய ஃபேஷியலுக்காகத் தவணை கட்டத் தொடங்குவது விற்பவருக்குத்தான் லாபம். அந்த ஃபேஷியலைக் கேட்டு உங்களிடம் இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்பதே போதுமான பதில்.

இனி செய்ய வேண்டியது. நாத்தனாரிடம் நீங்களே நேரில், உங்கள் கணவரையும் உடன் வைத்துக்கொண்டு, வீட்டார் செவ்வாய், புதன் மதியம் வரட்டும் என்றும், தோழிகளுக்கு வழக்கமான கட்டணம்தான் என்றும் சொல்லிவிடுங்கள். வீட்டாருக்கு இலவசமாகவே செய்யலாம். வார நாள் மதியத்தில் போவது பொருள் செலவு 90 ரூபாய் மட்டுமே, ஞாயிற்றுக்கிழமையில் அதோடு ஒரு வாடிக்கையாளரும் போகிறார். பிறகு ஒரு நோட்டில் காசு கொடுத்தவர், இலவசம், திருப்பி அனுப்பியவர் என்று மூன்று பத்தியாக, ஆடி மாதமும் உட்படும்படி மூன்று மாதம் எழுதுங்கள்.

ஆடியிலும் காசு கொடுத்தவர்கள் 130ஐத் தொட்டு, அதற்கு மேலும் ஆட்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், அப்போது கடை பாருங்கள். அதுவும் மெயின் ரோட்டில் அல்ல, உள் தெருவில், 7,000 ரூபாய் வாடகைக்குள். உங்களைத் தேடி வருபவர்கள் போர்டைப் பார்த்து வருவதில்லை, பழகியவர் சொல்லி வருகிறார்கள். உதவிக்கு ஆள் இல்லாமல் தொடங்கினால் வாடகையும் கரண்ட்டும் சேர்ந்து 9,500; அது 45 பேரின் வரவு. 130 பேர் இருந்தால் இன்று நிற்கும் பணம் ஏறக்குறைய அப்படியே நிற்கும், திருப்பி அனுப்பியவர்கள் வந்தால் அது கூடுதல். பத்து மாத அட்வான்ஸ் 70,000 ரூபாயை, தையில் தொடங்கி வைகாசி முடிய வரும் மேக்கப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுச் சேர்த்துவிடலாம். காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தில் தொகையாக எழுதி வாங்குங்கள்.