மூளைக்காய்ச்சல் இரண்டாம் முறை வந்தால்: காம்ப்ளிமெண்ட் பற்றிய கேள்வி பதில்

தில்லித் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நோய் எதிர்ப்புப் பிரிவை நெடுங்காலம் கவனித்த ஓய்வு பெற்ற மருத்துவர் பதில் தருகிறார்.

மயூர் விகார் வாசகி: என் தம்பிக்கு 17 வயதிலும் 23 வயதிலும் மெனிங்கோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் வந்தது. இரண்டு முறையும் பிழைத்துவிட்டான். சி3, சி4 சரியாக இருப்பதால் காம்ப்ளிமெண்டில் குறையே இல்லை என்கிறார் அத்தை மகன். சரிதானா?

பாதி சரி. காம்ப்ளிமெண்ட் என்பது ரத்தத்தில் ஒன்றையடுத்து ஒன்றாகச் சங்கிலிபோல் வேலை செய்து கிருமிகளைத் தாக்கும் புரதங்களின் கூட்டம்; சி3, சி4 அவற்றில் இரண்டு. சங்கிலியின் முதல் பாதி நன்றாக இருக்கிறது என்பதைத்தான் அந்த அறிக்கை சொல்கிறது.

நம் பிளாஸ்மாவில் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சி3 சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. கிருமி வந்ததும் அது இரண்டாக வெட்டப்படுகிறது. பெரிய துண்டான சி3பி அந்தக் கணமே கிருமியின் மேற்பரப்பில் ரசாயனப் பிணைப்பாக ஒட்டிக்கொள்ளும். ஒட்ட இடம் கிடைக்காவிட்டால் தண்ணீரில் பட்டு வீணாகிவிடும். ஆகவே சி3பி என்னும் இந்த முத்திரை பெரும்பாலும் கிருமிக்குப் பக்கத்திலேயே விழுகிறது. முத்திரை விழுந்த கிருமியை வெள்ளணுக்கள் தேடிப் பிடித்து விழுங்குகின்றன.

அடுத்த பாதியில் சி5 வெட்டப்படும். அதன் துண்டோடு சி6, சி7, சி8 சேர்ந்து கிருமியின் சவ்வில் இறங்கும். பல சி9 மூலக்கூறுகள் அங்கே வளையமாக அடுக்கி நின்று ஒரு துளையை உண்டாக்கும். உள்ளே தண்ணீர் பாய்ந்து கிருமி வெடிக்கும். நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸுக்குச் சுவர் தடிமன் என்பதால், அதற்கு இந்தத் துளை பெரிதாக உறைப்பதில்லை. விழுங்கித்தான் கொல்ல வேண்டும். மெனிங்கோகாக்கஸுக்கோ வெளியே மெல்லிய சவ்வு. அதற்கு எதிராகத் துளைதான் முக்கிய ஆயுதம். சி5 முதல் சி9 வரை ஏதாவது ஒன்று இல்லாதவரை இந்தக் கிருமி மறுபடி மறுபடி தாக்குவது இதனால்தான்.

தம்பிக்கு சிஎச்50 பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எதிர்ப்பொருள் பூசிய ஆட்டுச் சிவப்பணுக்களோடு அவருடைய சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, கலப்பார்கள். சங்கிலி முழுதாக இருந்தால் அணுக்கள் வெடிக்கும். சி3, சி4 இயல்பாக இருந்து சிஎச்50 பூஜ்யத்தை ஒட்டி வந்தால் பின்பாதியில்தான் சந்தேகம். பிறகு ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். சி9 மட்டும் இல்லாதவருக்குப் பூஜ்யம் வராமல் குறைவாகவும் வரலாம்.

துவாரகா வாசகர்: என் மகனுக்கு சிஎச்50 பூஜ்யம் என்று வந்தது. வேறு கூடத்தில் எடுத்தபோது சரியாக இருந்தது. யாரை நம்புவது?

இரண்டாவதை. இந்தப் புரதங்கள் வெப்பத்துக்கு மிகவும் பலவீனமானவை. 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் சிஎச்50 அடியோடு போய்விடும். தில்லியின் மே மாத வெயிலில் மாதிரியை ஸ்கூட்டர் பெட்டியில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தாலும் வம்புதான்; அதிலுள்ள ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் சங்கிலி தொடங்கவே தொடங்காது. ரத்தம் உறைந்ததும் சீரத்தைப் பிரித்து உடனே சோதிக்க வேண்டும், இல்லையேல் மைனஸ் 70 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். ஒரே ஒரு பூஜ்யத்தை வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்டக் கூடாது.

கரோல் பாக் வாசகி: என் நான்கு வயது மகளுக்குப் பள்ளியில் சேர்த்ததிலிருந்து மாதம் தவறாமல் சளி. இதே குறைதானா?

இல்லை அம்மா. அது வைரஸ் சளி, அந்த வயதுக்கு உரியது. நிமோனியாவோ, ரத்தத்தில் கிருமி பரவுவதோ மறுபடி வந்தால் எழுதுங்கள். அப்போதுகூட முதலில் எதிர்ப்பொருள் புரதங்களான இம்யூனோகுளோபுலின் அளவைத்தான் பார்க்கச் சொல்வேன். அந்தக் குறைதான் அதிகம்.

ஆர்.கே. புரம் வாசகர்: துளை போடும் புரதமே இல்லாதவருக்குத் தடுப்பூசி போட்டு என்ன பயன்?

நல்ல கேள்வி. தடுப்பூசி தரும் எதிர்ப்பொருளும் சி3பியும் சேர்ந்தால் விழுங்கும் வேலை வேகமெடுக்கும். அந்த வழி இவர்களிடம் அப்படியே இருக்கிறது. 1966, 1985, 2005 ஆண்டுகளில் தில்லியில் பரவியது ஏ வகை மெனிங்கோகாக்கஸ். இந்தக் குறை உள்ளவர்களையோ ஒய், டபிள்யூ போன்ற வகைகளும் அதிகம் தாக்குகின்றன. ஆகையால் ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்குக்குமான ஊசி அவசியம். பி வகைக்கு ஊசி தனி. ஊசி போட்டபின்னும் கடுங்காய்ச்சல் வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. தினமும் பென்சிலின் தர வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அடிக்கடி நோய் வருபவருக்குத் தரலாம் என்பது என் கட்சி.

லஜ்பத் நகர் வாசகர்: பிளாஸ்மா ஏற்றிவிட்டால் முடிந்துவிடாதா? நான் மூன்று முறை தானம் செய்தவன்.

தானத்துக்கு நன்றி. ஆனால் ஏற்றிய புரதம் சில நாள்களில் தீர்ந்துவிடும். பிறவியிலேயே அந்தப் புரதத்தைப் பார்க்காத உடல் அதை அந்நியமாக எண்ணி எதிர்க்கவும் கூடும். வழக்கமான சிகிச்சையாக இதைச் சொல்ல மாட்டேன்.

மயூர் விகார் வாசகி மீண்டும்: எனக்கு ஒரு நோயும் வந்ததில்லை. நானும் சோதித்துக்கொள்ள வேண்டுமா?

தம்பிக்கு உறுதியானால், கட்டாயம். பின்பாதிக் குறை பெற்றோர் இருவரிடமிருந்தும் வருவது. உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. குறை இருந்தும் வாழ்நாள் முழுதும் மூளைக்காய்ச்சல் வராதவர்கள் பலர் உண்டு. ஆகவே இதுவரை வரவில்லை என்பது சான்றாகாது. தம்பி இரண்டு முறையும் தப்பித்ததிலும் ஓரளவு காரணம் இருக்கலாம்: இந்தக் குறை உள்ளவர்களிடம் மெனிங்கோகாக்கஸ் நோய் மற்றவர்களைவிடக் குறைவாகவே உயிரைப் பறிக்கிறது. ஏன் என்பதற்கு இன்னும் முடிவான விளக்கம் இல்லை. கிருமிகள் வெடித்துச் சிதறாததால் அவற்றின் நஞ்சு ரத்தத்தில் குறைவாகக் கலக்கிறது என்பது ஒரு கருத்து.