மணி தெரியாத காய்ச்சல்

அன்புள்ள அக்கா,

உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். புதிதாக ஒரு டிஜிட்டல் தேர்மோமீற்றர் வாங்கினோம். மாமிக்கு (76 வயது) காலையில் வாயில் வைத்துப் பார்த்தால் 97தான் காட்டுகிறது. மகனுக்குப் பின்னேரம் 99.2. பள்ளிக்கூடத்தில் 98.6 என்றுதானே படித்தோம்? தேர்மோமீற்றர் பழுதா, மாமிக்குக் குளிர் உடம்பா? எந்தக் கம்பனி நல்லது? மகனுக்கு ஒவ்வொரு பின்னேரமும் பனடோல் சிரப் கொடுக்கிறேன்.

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்தச் சிரப்பை நிறுத்துங்கள். கடற்கரையில் ஓடி விளையாடிவிட்டு வருகிற பிள்ளைக்குப் பின்னேரம் 99.2 காய்ச்சலே இல்லை. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிற பிள்ளைக்கு எண்ணை மட்டும் பார்த்து மருந்து ஊற்றலாமா? இருமல், மெலிவு, சோர்வு என்று ஏதும் இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள், அது வேறு கதை. கம்பனிப் பேச்சையும் குளிர் உடம்புப் பேச்சையும் விடுங்கள்.

அந்த 98.6 ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மருத்துவர் கார்ல் வுண்டர்லிக் 1868இல் சொன்னது. ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் அக்குளில் சூடு பார்த்து, 37 பாகை செல்சியஸ் என்றார். 37 ஒரு முழு எண். அதைப் பரனைட்டுக்கு மாற்றியபோதுதான் புள்ளிக்குப் பின்னால் அந்த 6 வந்து ஒட்டிக்கொண்டது. உடம்பை அவ்வளவு நுணுக்கமாக அளந்து வந்தது என்று நாங்கள் நம்பிவிட்டோம். 1992இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் சுகமாக இருந்த 148 பேருக்கு வாயில் வைத்துப் பார்த்தபோது சராசரி 98.2தான் வந்தது. வுண்டர்லிக்கின் தேர்மோமீற்றர் என்று காக்கப்பட்டுவரும் ஒன்றைச் சோதித்தார்கள். அது கூட்டித்தான் காட்டியது.

கருவி மட்டும் காரணம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த அமெரிக்க ஆண்களைவிட இன்றைய ஆண்களின் உடம்பு ஏறத்தாழ ஒரு பரனைட் பாகை குறைவு என்று ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2020இல் கணக்கிட்டார்கள். அவர்கள் எடுத்துப் பார்த்த அமெரிக்க உள்நாட்டுப் போர்வீரர்களின் பழைய பதிவுகளுக்குள்ளேயே, பிந்திப் பிறந்தவர்களுக்குச் சூடு குறைந்துகொண்டு வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் காசநோய், ஆறாத புண், பல் ஈறு அழற்சி என்று எத்தனையோ பேருடைய உடம்பு உள்ளுக்குள் ஓயாமல் போராடிக்கொண்டிருந்தது. அந்தப் போராட்டம் சூட்டைக் கூட்டும். இன்று அது குறைந்திருக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

ஆனால் தங்கச்சி, உங்கள் கடிதம் வந்தபோது நான் எங்கள் பெரியம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உவர்மலை வீட்டில் இருந்தவர். அவருக்குச் சுகமாக இருக்கும்போது காலையில் 96.9 இருக்கும், கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம். ஒரு மார்கழிக் காலை அவர் எழும்பித் தேத்தண்ணி போடவில்லை. என்னைப் பார்த்து என் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாயில் வைத்தால் 98.9. கூட்டிக்கொண்டு போன இடத்தில், “நோமல்தானே, காய்ச்சல் இல்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். கலண்டரைக் காட்டியும் பார்க்கவில்லை. அடுத்த நாள் வேறிடத்தில்தான் சிறுநீரில் கிருமித் தொற்று என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: மணி தெரியாத காய்ச்சல் எண் அரை எண். எங்கள் மூளையின் அடியில் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரவானதும் அது கை கால்களின் இரத்தக் குழாய்களை விரிய விட்டு, உள்சூட்டைத் தோல் வழியாக வெளியே தள்ளுகிறது. படுக்கப் போகிற பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும். அப்படி இறங்கி, விடிவதற்கு முன் அடிமட்டத்துக்குப் போன சூடு பகலில் மெல்ல ஏறி, பின்னேரம் நாலு, ஆறு மணியளவில் உச்சத்துக்கு வரும். அந்த மேரிலாந்து ஆய்வில் சுகமான பெரியவர்களுக்குக் வழமையான சூட்டின் உச்ச எல்லை காலை ஆறு மணிக்கு 98.9, பின்னேரம் நாலு மணிக்கு 99.9. ஒரே 99 விடியற்காலையில் காய்ச்சல், பின்னேரத்தில் ஒன்றுமில்லை. அவர்கள் பார்த்தது இளம் வயதினரை. வயதானவர்களின் சூடு அதற்கும் கீழே இருக்கும், காய்ச்சல் வந்தாலும் பெரிதாக ஏறாது. அதனால்தான் அவர்களுடைய வழமையான சூட்டைவிட 2 பாகை கூடினாலே காய்ச்சல் என்று எடுக்கச் சொல்கிறார்கள். பெரியம்மா அன்று சரியாக அந்த 2 பாகை ஏறித்தான் இருந்தார்.

சரி, உங்கள் மாமிக்கு வருவோம். 97 அவருடைய காலைச் சூடு, அவ்வளவுதான். சுகமாக இருக்கும்போதே சில நாள் காலையும் பின்னேரமும், தேத்தண்ணி குடிக்க முன்னம், நாக்கின் அடியில் வைத்துப் பார்த்து மணியோடு எழுதிவையுங்கள். அக்குளில் பார்ப்பதென்றால் எப்போதும் அக்குளிலேயே பாருங்கள், அங்கே எண் குறைவாகத்தான் வரும். காலையில் 99 காட்டி, ஆளும் சோர்ந்து கிடந்தால் பின்னேரம் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் கொண்டு போங்கள். அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். பார்க்க மாட்டேன் என்றால், பார்க்கும்வரை எழும்பாதீர்கள்.

அன்புடன்,
அக்கா